தெளிந்த தண்ணீரை எப்படி வரைவது?

கிராமத்துக் குடிநீரைப் பற்றி யார் விழிப்புணர்வுப் படம் எடுத்தாலும் முதலில் வரைவது ஒரு கலங்கிய குளம். பழுப்பு நிறத் தண்ணீர், அதில் எருமை குளிக்கிறது, ஒரு அம்மா குடத்தை முக்குகிறார், அடுத்த காட்சியில் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. கடைசியில் பளிச்சென்ற கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர், பின்னணியில் நாதஸ்வரம். படம் முடிந்தது.

பார்த்தவர் என்ன கற்றுக்கொண்டு போகிறார்? கலங்கலாக இருந்தால் கெட்ட தண்ணீர், தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று. படம் பார்ப்பதற்கு முன்பே அவருக்கு அது தெரியும். கலங்கல் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று எந்தக் கிராமத்துக்கும் யாரும் போய்ச் சொல்லத் தேவையில்லை. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த ஊர் நம்முடையது. ஆபத்து அங்கே இல்லை. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் பளிங்கு போன்ற தண்ணீரிலும் சுகமாக இருக்கும். நிறம் மாறாது, வாடை வராது, ருசியும் கெடாது. ஆகவே இந்தப் படத்தை எடுப்பவருக்கு முன்னால் இருக்கும் வேலை விசித்திரமானது: பார்க்க நன்றாக இருக்கும் தண்ணீர் கெட்டது என்று, கண்ணால் பார்க்கிற ஒரு கலையின் மூலம் காட்டவேண்டும்.

இதை நன்றாகச் செய்த படம் ஒன்று இருக்கிறது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டைப் பூகம்பம் சிதைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே ஆர்ட்டிபோனிட் ஆற்றங்கரை ஊர்களில் வாந்திபேதி கிளம்பியது. அந்த நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காலராவைக் கண்டதே இல்லை. என்ன நோய், எப்படி வருகிறது என்று யாருக்கும் தெரியாது. எந்த ஆற்றில் குளித்தார்களோ, எதை மொண்டு குடித்தார்களோ, அந்த ஆற்றின் தண்ணீர் முந்தின வாரம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. சில ஆண்டுகளில் எட்டு லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது. பத்தாயிரம் பேரளவில் இறந்துபோனார்கள்.

அந்தச் சூழலில் ‘குளோபல் ஹெல்த் மீடியா ப்ராஜெக்ட்’ என்ற அமைப்பு 2011இல் வெளியிட்ட அனிமேஷன் படம் ‘காலராவின் கதை’. ஐந்து நிமிடம்கூட ஓடாது. வரைந்து இயக்கியவர் யோனி குட்மேன். ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ என்ற புகழ்பெற்ற இஸ்ரேலியப் படத்தின் அனிமேஷன் இயக்குநர் இவர்தான். கதை எளியது. ஒரு சிறுவனின் அப்பாவுக்கு வாந்திபேதி. அவன் சுகாதாரப் பணியாளர் ஒருவரோடு சேர்ந்து அப்பாவைக் காப்பாற்றுகிறான். பிறகு ஊருக்கு நோய் பரவாமல் தடுக்கும் வழிகளைக் காட்டுகிறான்.

படத்தின் முதல் கெட்டிக்காரத்தனம், கதையைக் குரலிடம் ஒப்படைத்தது. பாத்திரங்கள் வாயைத் திறந்து வசனம் பேசுவதை நம்பிப் படம் நடக்கவில்லை, மேலே ஒரு குரல் சொல்லிக்கொண்டு போகிறது. இதனால் உதட்டசைவுக்குப் பொருத்தவேண்டிய தலைவலி இல்லை. ஒரே படத்துக்கு மொழிக்கு மொழி புதுக் குரல் மட்டும் பதிந்தால் போதும், அப்படித்தான் அது பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது, அது கிருமியைக் கண்ணுக்குத் தெரிய வைத்தது. எங்கிருந்து கிளம்பி, எதன் வழியாக, யார் வாய்க்குள் போகிறது என்று பார்வையாளர் பின்தொடர முடிகிறது.

கிருமியை வரைவதில்தான் பெரும்பாலான படங்கள் சறுக்குகின்றன. ஓவியருக்கு ஆசை வந்துவிடும். கொம்பு, கோரைப்பல், சிவந்த கண், ஒரு வில்லன் சிரிப்பு. குழந்தைகள் ரசிப்பார்கள். ஆனால் டம்ளர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டிய பூச்சியைப் பார்த்த பெரியவர் வீட்டுக்குப் போய்த் தன் குடத்துக்குள் எட்டிப் பார்ப்பார். அப்படி ஒன்றும் நெளியவில்லை. ‘நம்ம தண்ணியில பூச்சி இல்ல’ என்று நிம்மதியாக மூடிவைத்துவிடுவார். அவர் பார்த்ததை நம்பியதில் பிழை ஒன்றுமில்லை.

படம் காட்டினால் எல்லாருக்கும் புரிந்துவிடும், படிப்பறிவுதான் தேவையில்லையே என்ற நினைப்பை உடைத்த ஆய்வு ஒன்று 1976இல் நேபாளத்தில் நடந்தது. யூனிசெஃப்பும் அந்நாட்டின் தேசிய வளர்ச்சிச் சேவையும் சேர்ந்து கிராமத்தாரிடம் பலவகைப் படங்களைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டன. விவரம் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு நாலு கோட்டில் வரைந்த சுருக்க உருவங்களைத்தான் மக்கள் மிகக் குறைவாக அடையாளம் கண்டார்கள். நிழலும் மடிப்பும் கொண்ட படங்கள் நன்றாகப் புரிந்தன. வரிசையாக வைத்த மூன்று படங்களை ஒரு கதையின் மூன்று கட்டங்களாக எல்லாரும் படிக்கவில்லை. மூன்று தனிப் படங்களாகவே பார்த்தவர்கள் இருந்தார்கள். எளிமையான படம் என்றால் வெறுமையான படம் என்று அர்த்தமில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. பின்னணியில் தேவையற்ற மரம், மாடு, கோபுரம் வேண்டாம். ஆனால் குடம் குடமாக இருக்கவேண்டும்: கழுத்து, விளிம்பு, இடுப்பில் வைத்தால் உட்காரும் வளைவு எல்லாம். நகரத்து ஸ்டுடியோவில் உட்கார்ந்து வரைகிறவர் பூஜாடியை வரைந்துவிட்டுக் குடம் என்பார்.

தேவையற்ற கோழி ஒன்று என்ன செய்யும் என்பதற்குப் பழைய கதை உண்டு. ஜான் வில்சன் என்ற பிரிட்டிஷ்காரர் 1961இல் எழுதியது. ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில், வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரை எப்படி அகற்றுவது என்று மிக மெதுவாக ஓடும் படம் ஒன்றைப் போட்டார்கள். முடிந்ததும், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். கோழி பார்த்தோம் என்றார்கள் மக்கள். படம் எடுத்தவர்களுக்கோ படத்தில் கோழி இருந்ததே தெரியாது. பிறகு ஒவ்வொரு பிரேமாகத் தேடினால், ஒரு மூலையில் ஒரு நொடி போல ஒரு கோழி பறந்துபோகிறது. இந்தச் சம்பவத்தைப் பார்வையாளரின் அறியாமைக்குச் சான்றாகச் சொல்வது அந்தக் காலத்து வெள்ளைக்கார வழக்கம். எனக்கு அது இயக்குநரின் அறியாமைக்குச் சான்றாகத்தான் படுகிறது. அத்தனை மெதுவான படத்தில் உயிரோடு வேகமாக அசைந்தது கோழி ஒன்றுதானே. கண் அங்கேதான் போகும்.

சரி, கொம்பும் வேண்டாம், பழுப்புத் தண்ணீரும் வேண்டாம் என்றால் வேறு என்னதான் வழி? விடை சினிமாவுக்கு வெளியே இருக்கிறது. இந்தியரான கமல் கர், 2000ஆம் ஆண்டில் வங்கதேசத்தில் தொடங்கிய சுகாதார இயக்கத்தில் பிரபலமான செய்முறை ஒன்று உண்டு. ஊர்க்கூட்டத்தில் ஒரு தெளிந்த கண்ணாடி டம்ளர் நீரை நீட்டி, குடிப்பீர்களா என்று கேட்பார்கள். குடிப்போம் என்பார்கள். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, திறந்தவெளியில் கிடக்கும் மலத்தைத் தொட்டு, அதே டம்ளரில் முக்கி எடுப்பார்கள். தண்ணீரில் எந்த மாற்றமும் தெரியாது. இப்போது குடிப்பீர்களா? யாரும் கை நீட்ட மாட்டார்கள். முடிக்கு ஒரு முனை, ஈக்கு எத்தனை கால் என்று அடுத்த கேள்வி வரும். ஆறு. கூட்டம் அமைதியாகிவிடும். இந்த முறை மக்களைக் கூச்சப்படுத்தி வேலை வாங்குகிறது என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமானதுதான். ஆனால் காட்சியாக இது பிரமாதம். தண்ணீர் கடைசிவரை தெளிவாகவே இருக்கிறது. மாறுவது அதைப் பற்றிப் பார்ப்பவர் அறிந்த செய்தி மட்டுமே.

அனிமேஷனில் இதையே ஒரு நிறத்தைக் கொண்டு செய்யலாம். ஒரு காட்சியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

இடம், தென்மாவட்டக் கிராமத்து வீடு ஒன்றின் அடுப்படி. காலையில் ஓவர்ஹெட் டேங்க் தண்ணீர் தெருக்குழாயில் வந்து, குடத்தில் நிறைந்து, வீட்டுக்குள் வந்திருக்கிறது. காட்சி நடக்கும் நேரம் மாலை. இந்த மாலை முக்கியம். டேங்கில் குளோரின் சேர்த்த தண்ணீரில், குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த மிச்சம், பிறகு ஏதாவது கிருமி விழுந்தாலும் ஓரளவு கவனித்துக்கொள்ளும். ஆனால் மூடாத குடத்தில் மணிக்கணக்காக நின்றால் அது குறைந்துகொண்டே போகும். காலை எட்டு மணிக்குக் காட்சி வைத்தால், குளோரின்தான் இருக்கிறதே என்று விவரம் தெரிந்த டேங்க் ஆபரேட்டர் ஒருவரே எழுந்து கேட்பார். ஆகவே ஜன்னலில் மஞ்சள் வெயில், மூலையில் விளக்கு.

அப்பா, கைக்குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு வருகிறார். அவர் விரல்நுனியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு. அந்த நிறத்தை ஏன் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால் அடுப்படியில் வேறெதுவும் அந்த நிறத்தில் இருக்காது. சிவப்பைப் போட்டால் குங்குமமோ ரத்தமோ என்று தோன்றும், பச்சையைப் போட்டால் பாசி. கையைப் பச்சைத்தண்ணீரில் அலசுகிறார், பொட்டு மங்குகிறது, ஆனால் நகக்கண்ணில் ஒட்டியிருக்கிறது. பெரியவள் செல்வி தண்ணீர் கேட்கிறாள். அப்பா செம்பைக் குடத்தில் முக்குகிறார், செம்போடு விரலும் நனைகிறது. நிறம் ஒரு நூல் போலப் பிரிந்து, குடம் முழுவதும் பரவி, பரவப் பரவ வெளுத்து, மறைந்தேபோகிறது. மூன்று நொடி எதுவும் அசையவில்லை. தெளிந்த தண்ணீர் மட்டும் தெரிகிறது. இதற்கான குரல் இப்படி இருக்கலாம்:

“காலையில குழாயில வந்தது நல்ல தண்ணி. அப்பா தம்பிக்குக் கால் கழுவிவிட்டாரு. கையத் தண்ணியில அலசுனாரு. சோப்பு போடல. எனக்குத் தாகம். அப்பா செம்ப முக்கி மொண்டு தந்தாரு. விரலும் உள்ள போச்சு.”

(மூன்று நொடி மௌனம்.)

“தண்ணி எப்பவும் போலத்தான் இருக்கு. ஆனா அது காலையில வந்த தண்ணி இல்ல.”

சுமார் முப்பத்தைந்து சொற்கள். காட்சியோ முப்பது நொடிக்கு மேல் ஓடும். தமிழில் பின்குரல் எழுதும்போது நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டினால் ஒலிபெருக்கியில் அது கரகரப்பாகத்தான் காதில் விழும்; திறந்தவெளித் திரையிடலுக்கு எழுபதே போதும். நிறம் மறையும் அந்த நொடிகளில் குரல் பேசவே கூடாது. தயாரிப்பாளர்கள் மௌனத்தைக் கண்டால் காசு வீணாவதாகப் பதறுவார்கள், அங்கே வயலின் வைக்கச் சொல்வார்கள். விடக்கூடாது. கண்ணுக்கு ஒரு புதுச் செய்தி போகிறபோது காதுக்கு வேறொன்று போனால் இரண்டுமே தங்காது.

இந்தக் காட்சியில் அப்பாவைப் போட்டதும் வேண்டுமென்றேதான். குடிநீர்ப் படங்களில் தவறு செய்வது எப்போதும் மருமகள், அறிவுரை சொல்வது எப்போதும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆண். திரைக்கு முன்னால் பாதிக்கு மேல் உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள். ஐந்து நிமிடம் தங்களைக் குற்றவாளியாக்கும் படத்தை அவர்கள் ஏன் நம்பவேண்டும்? கைக்குழந்தைக்குக் கால் கழுவிவிடும் அப்பாவைப் பார்த்துப் பின்வரிசையில் சிரிப்பு எழும். எழட்டும், அந்த இடம் மறக்காது.

குரல் யாருடையது என்பதும் பார்க்கவேண்டியது. செய்தி வாசிக்கும் தமிழில் ‘பாதுகாக்கப்பட்ட குடிநீரையே பருக வேண்டும்’ என்றால் அது அரசு அறிவிப்பாகக் காதில் ஏறி இறங்கிவிடும். செல்வி பேசினால் வீட்டுப் பேச்சு. ஆனால் எந்த ஊர்ச் செல்வி? மதுரைப் பக்கத்துப் பேச்சு தர்மபுரிக்காரர்களுக்குப் புரியாமல் போகாது, ஆனால் ‘இது நம்ம ஊரு விஷயமில்ல’ என்ற எண்ணம் வரலாம். பின்குரல் முறையில் எடுத்திருந்தால் வட்டாரத்துக்கு ஒரு குரல் பதிய ஒரு நாள் போதும். ஹெய்ட்டிக்கு எடுத்த படம் ஊர் ஊராகப் போனதன் சூட்சுமமும் இதுதான்.

தீர்வைச் சொல்லும் பகுதியில் படங்கள் அவசரப்படும். “தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்” என்ற ஒரே வரியோடு முடித்துவிடுவார்கள். காய்ச்சுவதில் எங்கெங்கே தவறுகிறது என்பதுதான் காட்டவேண்டியது. தண்ணீர் சூடாகி ஆவி வந்தால் போதாது. தளதளவென்று கொதித்துக் குமிழி மேலே வந்துகொண்டே இருக்கவேண்டும். அப்படி ஒரு நிமிடம் கொதித்தால் குடல்நோய்க் கிருமிகளுக்கு அதுவே போதும், இருபது நிமிடம் எரித்து விறகை வீணாக்க வேண்டாம். அடுத்து நம் வீடுகளில் நடப்பது ஒன்று உண்டு. சூடாக இருக்கிறதென்று காய்ச்சிய நீரில் அரை டம்ளர் பச்சைத்தண்ணீர் கலந்து ஆற்றுவோம். அத்தோடு காய்ச்சியதெல்லாம் வீண். அல்லது ஆறவைத்துப் பழைய குடத்திலேயே ஊற்றி, பழைய செம்பையே முக்குவோம்.

ஆகவே செல்வியின் படத்தில் காய்ச்சும் காட்சியைவிட அடுத்த காட்சிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும். மூடியுள்ள, அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரம். அது இல்லாத வீட்டில் குடத்தைச் சாய்த்து ஊற்றுவது. அதற்கும் வசதிப்படாவிட்டால் நீளக் கைப்பிடி வைத்த அகப்பை, மொண்டபின் தரையில் போடாமல் ஆணியில் மாட்டுவது. கை தண்ணீரைத் தொடக்கூடாது என்ற ஒரே விஷயம்தான் இந்த மூன்றிலும். முன்பு குடத்தில் பரவிய அதே கத்தரிப்பூ நிறம், இப்போது அப்பாவின் விரலில் இருந்தாலும் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் கைப்பிடியிலேயே நின்றுவிடுகிறது. சோப்புப் போட்டால் அதுவும் கழுவிக்கொண்டு போகிறது. ‘கை கழுவுங்கள், பாத்திரத்தை மூடுங்கள்’ என்று தனித்தனியாகக் கட்டளையிடத் தேவையில்லை. நிறம் எங்கே நிற்கிறது என்று பார்வையாளரே பார்த்துக்கொள்வார்.

வரைவதற்கு முன்னாலேயே படத்தைச் சோதிக்கலாம் என்பது அனிமேஷனின் பெரிய வசதி. நொடிக்குப் பன்னிரண்டு ஓவியம் என்று வைத்தாலும் ஐந்து நிமிடத்துக்கு 3,600. அவ்வளவும் வரைந்தபின் குடத்தைப் பூஜாடி என்று யாராவது சொன்னால் அழுகைதான் வரும். ஆகவே ஸ்டோரிபோர்டின் முக்கியமான படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகவேண்டும். புரிந்ததா என்று கேட்கக் கூடாது, புரிந்தது என்றுதான் எல்லாரும் மரியாதைக்குச் சொல்வார்கள். “இதுல என்ன நடக்குது, சொல்லுங்கம்மா” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். கத்தரிப்பூ நிறத்தை ஒருவர் மருந்து என்று சொல்லிவிட்டால் கவலைப்படத்தான் வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பற்றிக் கேள்விப்பட்டவருக்கு, நிறம் பரவுவது மருந்து பரவுவதாகத் தோன்ற நியாயம் இருக்கிறது. அப்படிச் சொல்பவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால், நிறம் எங்கிருந்து கிளம்பியது என்ற முந்தைய காட்சியை நீட்டவேண்டும், குழந்தையின் ஜட்டியிலிருந்து விரலுக்கு ஒட்டுவதைக் கூச்சப்படாமல் காட்டவேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்த படமும் டேங்க்கில் குளோரின் போடாது. 30,000 லிட்டர் டேங்க்கில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் சேர, 25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 120 கிராம் வேண்டும். தண்ணீரில் அழுக்கு இருந்தால் அதற்கு மேலும். கரைத்துத் தெளியவைத்து மேல்நீரை ஊற்றி, குறைந்தது அரைமணி நேரம் விட்டுத்தான் திறக்கவேண்டும். மூட்டை வாய்திறந்து ஈரத்தில் கிடந்தால் பவுடர் பார்க்க வெள்ளையாகவே இருக்கும், வீரியம் போயிருக்கும். தெருக்கோடிக் குழாயில் பிடித்த நீரில் சோதனைத் திரவத்தை ஓரிரு துளி விட்டால் மஞ்சள் நிறம் வரவேண்டும். வராவிட்டால் மிச்சக் குளோரின் இல்லை. இந்த மஞ்சள் சோதனையைப் படம் முடிந்த உடனே, அதே கூட்டத்தின் முன்னால், அதே ஊர்க் குழாய்த் தண்ணீரில் செய்து காட்டுவது நல்லது. ஊராட்சித் தலைவருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

கிருமிக்காக எடுத்த படத்தை எல்லா ஊருக்கும் கொண்டுபோகவும் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரின் சிக்கல் ஃபுளோரைடு. பல்லில் காவிக்கறை, பிறகு எலும்பு, மூட்டு. ஃபுளோரைடு கொதிக்கவைத்தால் போகாது. நீர் ஆவியாவதால் மிச்சத்தில் இன்னும் கொஞ்சம் கெட்டியாகும். குளோரினும் அதை ஒன்றும் செய்யாது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரை அங்கே கொண்டுவந்ததே இதற்காகத்தான். அந்த ஊர்களில் இன்னும் போர்த்தண்ணீர் குடிப்பவரிடம் செல்வியின் படத்தைப் போட்டுக் “காய்ச்சிக் குடிங்க” என்றால், வாந்திபேதி நின்றாலும் ஃபுளோரைடு அப்படியே உள்ளே போய்க்கொண்டிருக்கும். அங்கே சொல்லவேண்டியது வேறு: எந்தக் குழாயில் வருவது காவிரி, எந்தக் குழாயில் வருவது போர், சமைக்கவும் குடிக்கவும் எதைப் பிடிக்கவேண்டும் என்று. அதற்குக் கத்தரிப்பூ நிறம் உதவாது. கிருமியைப் போல அது ஒரு விரலிலிருந்து குடத்துக்கு வருவதில்லை, நிலத்துக்குள்ளிருந்தே தண்ணீரோடு வருகிறது. தனிப் படமாகத்தான் எடுக்கவேண்டும்.